அட்டையை நீட்டுபவர் ஒருவர், கட்டணம் கட்டுபவர் இன்னொருவர்

தில்லி கரோல்பாகில் ஒரு துணிக்கடை என்று வைத்துக்கொள்வோம். வாடிக்கையாளர் ஒருவர் 5,000 ரூபாய்க்குத் துணி எடுத்துவிட்டுக் கடன் அட்டையை நீட்டுகிறார். கடைக்காரர் அதை ஸ்வைப் இயந்திரத்தில் செருகுகிறார். வாடிக்கையாளர் ரகசிய எண்ணை அழுத்துகிறார். சில நொடிகளில் ரசீது வந்துவிடுகிறது. வாடிக்கையாளரின் அட்டைக் கணக்கில் 5,000 ரூபாய் பற்று எழுதப்படுகிறது. ஆனால் மறுநாள் கடைக்காரரின் வங்கிக் கணக்கில் வந்து சேர்வது 4,882 ரூபாய்தான். எஞ்சிய 118 ரூபாய் யாருக்குப் போயிற்று, ஏன் போயிற்று என்பதை வாடிக்கையாளர் அறியமாட்டார். கடைக்காரருக்கும் மொத்தத் தொகை தெரியுமே தவிர, அது எப்படிப் பங்கிடப்பட்டது என்பது தெரியாது. அந்தப் பங்கீட்டைப் புரிந்துகொண்டால்தான், ‘ரொக்கமில்லாப் பொருளாதாரம்’ என்ற முழக்கத்தின் செலவை யார் தாங்குகிறார்கள் என்பது விளங்கும்.

இந்தப் பரிவர்த்தனையில் நான்கு தரப்பினர் இருக்கிறார்கள்: வாடிக்கையாளர், அவருக்கு அட்டை வழங்கிய வங்கி, கடைக்காரர், கடைக்கு இயந்திரம் வைத்துக் கொடுத்த வங்கி. இரு வங்கிகளையும் இணைக்கும் வலைப்பின்னலை நடத்துவது விசா, மாஸ்டர்கார்டு, ரூபே போன்ற நிறுவனம். ரகசிய எண்ணை அழுத்தியவுடன் கடையின் வங்கியிலிருந்து வலைப்பின்னல் வழியாக வாடிக்கையாளரின் வங்கிக்கு ஒரு கேள்வி போகிறது: இந்த அட்டை செல்லுமா, இந்தத் தொகைக்கு வரம்பு இருக்கிறதா? ‘ஆம்’ என்ற பதில் அதே வழியில் திரும்பி வருகிறது. அந்த நொடியில் நடப்பது இவ்வளவே. பணம் இன்னும் ஓர் அடிகூட நகரவில்லை. கிடைத்திருப்பது ஓர் உறுதிமொழி மட்டுமே.

பணம் நகர்வது பிறகுதான். அன்றைய விற்பனைக் கணக்குகள் கடையின் வங்கி மூலம் வலைப்பின்னல் நிறுவனத்துக்குப் போகின்றன. எல்லா வங்கிகளின் கணக்குகளையும் கூட்டிக் கழித்து, எந்த வங்கி எவ்வளவு தரவேண்டும், எந்த வங்கிக்கு எவ்வளவு வரவேண்டும் என்று அது நிகரத் தொகையைக் கணக்கிடுகிறது. இன்டர்சேஞ்ச் என்னும் கட்டணம் இந்த இடத்தில்தான் நுழைகிறது. வாடிக்கையாளரின் வங்கி 5,000 ரூபாயை முழுதாகத் தருவதில்லை. நம் எடுத்துக்காட்டில் 80 ரூபாயைத் தனக்கென எடுத்துக்கொண்டு 4,920 ரூபாயைத் தருகிறது. கடையின் வங்கி கடைக்காரரிடம் 2 சதவீதம், அதாவது 100 ரூபாய் பிடிக்கிறது. அதில் 80 ரூபாய் வாடிக்கையாளரின் வங்கிக்கு ஏற்கெனவே போய்விட்டது. 5 ரூபாய் வலைப்பின்னல் நிறுவனத்துக்கு. 15 ரூபாய் கடையின் வங்கிக்கு. இந்த 100 ரூபாய்க்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர, மொத்தப் பிடித்தம் 118 ரூபாய். விகிதங்கள் கடைக்குக் கடை, அட்டைக்கு அட்டை மாறும். இங்கே புரிதலுக்காக முழு எண்களாகக் கொண்டிருக்கிறோம். கடைக்காரர் கட்டும் அந்த 2 சதவீதத்துக்குத்தான் எம்.டி.ஆர். என்று பெயர். அதன் பெரும்பகுதி, கடைக்காரருக்கு எந்த உறவும் இல்லாத ஒரு வங்கிக்குப் போகும் இன்டர்சேஞ்ச் ஆகும்.

இன்டர்சேஞ்ச் விகிதத்தை அந்த வங்கி தனியாக நிர்ணயிப்பதில்லை; வலைப்பின்னல் நிறுவனமே நிர்ணயிக்கிறது. போட்டி இருந்தால் விலை குறையும் என்று பாடப்புத்தகம் சொல்கிறது. இங்கே அது தலைகீழாக நடக்கிறது. எந்த நிறுவனத்தின் சின்னத்தை அட்டையில் அச்சிடுவது என்று முடிவு செய்வதில் முதன்மையான பங்கு அட்டை வழங்கும் வங்கிக்குத்தான். ஒரு நிறுவனம் 1.5 சதவீத இன்டர்சேஞ்சும் இன்னொன்று 1.8 சதவீதமும் பெற்றுத் தந்தால், வங்கி எதைத் தேர்ந்தெடுக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே நிறுவனங்கள் கட்டணத்தை உயர்த்துவதில் போட்டியிடுகின்றன. கடைக்காரர் மறுக்க முடியாது. பக்கத்துக் கடை அட்டையை ஏற்கும்போது இவர் மறுத்தால் வியாபாரம் போகும். ஒரு நிறுவனத்தின் கடன் அட்டையை ஏற்றால், கூடுதல் கட்டணம் பிடிக்கும் அதன் உயர்ரக அட்டைகளையும் ஏற்கவேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு.

வங்கிக்குக் கிடைக்கும் இன்டர்சேஞ்சில் ஒரு பகுதி, ‘ரிவார்டு’ புள்ளிகளாகவும் விமான நிலையச் சலுகைகளாகவும் வாடிக்கையாளரிடம் திரும்புகிறது. வங்கியின் பெருந்தன்மை போலத் தோன்றும் இந்தப் பணம் கடையிலிருந்து வந்தது. கடைக்காரர் அதை எங்கிருந்து எடுப்பார்? மாதம் 5 லட்சம் ரூபாய் விற்பனை உள்ள கடையில் 2 லட்சம் கடன் அட்டை மூலம் வருகிறது என்று கொள்வோம். 2 சதவீதம் என்றால் 4,000 ரூபாய். கடைக்காரர் அட்டைக்கு ஒரு விலை, ரொக்கத்துக்கு ஒரு விலை என்று வைப்பதில்லை; இந்த 4,000 ரூபாயை 5 லட்சம் ரூபாய் விற்பனை முழுவதன் மீதும் பரப்பி விலையில் ஏற்றினால், அது 0.8 சதவீதம். ஆயிரம் ரூபாய்க்கு ரொக்கம் கொடுத்துத் துணி வாங்கும் கட்டுமானத் தொழிலாளி 8 ரூபாய் கூடுதலாகக் கொடுக்கிறார். அவருக்குத் திரும்பி வருவது எதுவுமில்லை. அதே ஆயிரத்துக்கு அட்டையை நீட்டுபவரும் 8 ரூபாய் கூடுதலாகக் கொடுக்கிறார். ஆனால் 1 சதவீதப் புள்ளிகள் கிடைத்தால் 10 ரூபாயைத் திரும்பப் பெறுகிறார். கடன் அட்டை பெறும் அளவுக்கு வருமானச் சான்று இல்லாதவர், அது உள்ளவருக்கு மானியம் தருகிறார். கடைக்காரர் விலையில் ஏற்ற இயலாவிட்டால், அந்தத் தொகை அவருடைய சொந்த வருவாயிலிருந்து போகிறது.

வங்கிகளுக்குச் செலவே இல்லை என்று நாம் வாதிடவில்லை. கடன் அட்டையில் வாங்கியவர் சராசரியாக ஒரு மாதம் கழித்துப் பணம் கட்டுகிறார் என்று கொண்டால், ஆண்டுக்கு 7 சதவீத நிதிச் செலவில் 5,000 ரூபாய்க்கு ஏறத்தாழ 29 ரூபாய் ஆகும். மோசடி இழப்பும், திரும்பி வராத கடனும் உண்டு. ஆனால் அந்தக் கடன் கடைக்காரருக்குத் தரப்பட்டதல்ல, வாடிக்கையாளருக்குத் தரப்பட்டது. அதன் செலவை, கடன் பெறாத மற்றவர்கள் ஏன் சுமக்கவேண்டும் என்பதே கேள்வி.

இதைக் கட்டுப்படுத்த முடியும் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று இருக்கிறது. பற்று அட்டைகளுக்கு ரிசர்வ் வங்கி 2012 முதல் எம்.டி.ஆர். உச்சவரம்பு விதித்துள்ளது. 2018 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த விதிப்படி, ஆண்டு விற்பனை 20 லட்சம் ரூபாய் வரை உள்ள சிறு வணிகரிடம் இயந்திரப் பரிவர்த்தனைக்கு 0.40 சதவீதத்துக்கு மேலும், மற்றவர்களிடம் 0.90 சதவீதத்துக்கு மேலும் பிடிக்கக் கூடாது. 2020 ஜனவரி 1 முதல் ரூபே பற்று அட்டைக்கும் யு.பி.ஐ.க்கும் எம்.டி.ஆர். அறவே இல்லை. ஆனால் கடன் அட்டைக்கு இன்றுவரை இத்தகைய உச்சவரம்பு எதுவும் இல்லை. வசதியுள்ளவர்களின் அட்டைதான் கட்டுப்பாடின்றி விடப்பட்டிருக்கிறது. இதை வெளிநாட்டு நிறுவனங்கள் பற்றிய பிரச்சனையாக மட்டும் பார்ப்பதும் தவறு; ரூபே கடன் அட்டைக்கும் கடைகள் கட்டணம் கட்டுகின்றன.

எம்.டி.ஆர். இல்லை என்று அறிவித்தால் செலவு மறைந்துவிடாது. யு.பி.ஐ. பரிவர்த்தனையை நடத்தவும் கணினிகளும் ஊழியர்களும் தேவை. அரசு இதற்கென ஊக்கத்தொகை அளிக்கிறது. 2024-25ஆம் ஆண்டுக்கு அது அறிவித்த தொகை சுமார் 1,500 கோடி ரூபாய். மீதியை வங்கிகள் தாங்கவேண்டும். ஜன்தன் கணக்குகளில் பெரும்பகுதி பொதுத்துறை வங்கிகளிடம் இருக்கிறது. அந்தக் கணக்குகளுக்கு வழங்கப்படுவது ரூபே பற்று அட்டை. ஏழைகளின் கட்டணமில்லாப் பரிவர்த்தனையைப் பொதுத்துறை வங்கிகள் சுமக்க, வசதியுள்ளவர்களின் கடன் அட்டைக் கட்டணத்தை அந்தச் சந்தையில் முன்னிற்கும் பெரிய தனியார் வங்கிகள் அறுவடை செய்கின்றன. இந்தச் சமனின்மையைத் தீர்க்க யு.பி.ஐ.க்குக் கட்டணம் விதிப்பது வழியல்ல. லாபம் குவியும் இடத்தில் கைவைப்பதே வழி.

ஐரோப்பிய ஒன்றியம் 2015இல் தனிநபர் அட்டைகளுக்கான இன்டர்சேஞ்சைப் பற்று அட்டைக்கு 0.2 சதவீதம், கடன் அட்டைக்கு 0.3 சதவீதம் என்று வரையறுத்தது. நம் எடுத்துக்காட்டில் 80 ரூபாய்க்குப் பதில் அது 15 ரூபாய் ஆகும். அங்கே கடன் அட்டைகள் அழிந்துவிடவில்லை. ஆனால் இன்னொரு பாடமும் உண்டு. இன்டர்சேஞ்சுக்கு மட்டுமே வரம்பு வைத்தபோது, வலைப்பின்னல் நிறுவனங்கள் தங்கள் பங்கான கட்டணங்களை உயர்த்தின என்று வணிகர்கள் அங்கே தொடர்ந்து முறையிட்டு வருகிறார்கள். ஆகவே பற்று அட்டைக்குச் செய்தது போல, கடைக்காரர் கட்டும் மொத்தக் கட்டணத்துக்கும் வரம்பு வேண்டும். அதற்குள் இன்டர்சேஞ்சுக்குத் தனி வரம்பும் வேண்டும். ஒவ்வொரு மாதமும் கடைக்காரருக்குத் தரும் கணக்கில், எந்த வங்கிக்கு எவ்வளவு, வலைப்பின்னல் நிறுவனத்துக்கு எவ்வளவு என்று பிரித்துக் காட்டுவது கட்டாயமாக்கப்பட வேண்டும்.

சட்டம் வரும்வரை காத்திராமல் தோழர்கள் செய்யக்கூடிய ஒரு வேலை உண்டு. சிறு வணிகர்களிடையே பணியாற்றும்போது, அவர்களுடைய மாதக் கணக்கை உடன் அமர்ந்து பாருங்கள். பிடித்த கட்டணத்தை விற்பனைத் தொகையால் வகுத்து, நூறால் பெருக்கினால் சதவீதம் கிடைக்கும். இதைப் பற்று அட்டைக்கும் கடன் அட்டைக்கும் தனித்தனியே செய்யவேண்டும். இரண்டையும் சேர்த்துச் சராசரி பார்த்தால் தவறு மறைந்துவிடும். ஜி.எஸ்.டி.யையும் இயந்திர வாடகையையும் விலக்கிய பிறகு, 20 லட்சத்துக்கு உட்பட்ட கடையில் பற்று அட்டைக்கு 0.40 சதவீதத்தைத் தாண்டியிருந்தால், அந்தக் கடையைப் பெரிய வணிகர் பட்டியலில் வைத்திருக்கிறார்கள் என்று ஐயுறலாம்; வங்கிக்கு எழுத்துமூலம் முறையிடலாம். ரூபே பற்று அட்டைக்கு ஒரு ரூபாய் பிடித்திருந்தாலும் அது விதிமீறல். பற்று அட்டைக் கட்டணத்தை வாடிக்கையாளர் மீது ஏற்றக் கூடாது என்றும் ரிசர்வ் வங்கியின் விதி சொல்கிறது. பல கடைக்காரர்களுக்கு இது தெரியாது. இணக்க வரித் திட்டத்தில் உள்ள சிறு கடைக்காரர், கட்டணத்தின் மீது கட்டிய ஜி.எஸ்.டி.யைக் கழித்துக்கொள்ளவும் முடியாது என்பதைச் சேர்த்துப் பார்த்தால், இந்தச் சில்லறைத் தொகைகள் அவருக்கு எவ்வளவு பெரியவை என்பது புரியும்.

ஒரு கடையில் 118 ரூபாய் சிறு தொகையாகத் தோன்றலாம். ஆனால் அட்டை செருகப்படும் ஒவ்வொரு முறையும் அது பிடிக்கப்படுகிறது. அதை யார் நிர்ணயிக்கிறார்கள் என்பதைக் கட்டுபவர்களே அறியாதவரை, அதைக் குறைக்குமாறு கேட்கவும் எவரும் இருக்கமாட்டார்கள்.