கடையைத் தாண்டித்தான் திரும்ப வேண்டும்

பழைய மாமல்லபுரம் சாலை போன்ற ஆறு வழிச் சாலை ஒன்றில் தெற்கு நோக்கிப் போகிறீர்கள். நீங்கள் தேடும் மருந்துக் கடை மீடியனுக்கு அந்தப் பக்கம். கடைக்கு 300 மீட்டர் முன்பாக ஒரு யூ-டர்ன், கடையைத் தாண்டி 400 மீட்டரில் இன்னொன்று என்று வைத்துக்கொள்வோம். எதில் திரும்புவது?

இடப்பக்கம் ஓட்டும் நாட்டில் இதற்கு ஒரே விடைதான். கடையைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்தால்தான் கடை நம் இடக்கைப் பக்கம் வரும். கூடுதல் ஓட்டம் 800 மீட்டர். சிக்னல் இல்லாவிட்டால் இரண்டு நிமிடம்கூட ஆகாது. முன்னால் இருக்கும் யூ-டர்ன், மருந்து வாங்கிய பிறகு மறுபடி தெற்கே போவதற்கானது. அதிலேயே முதலில் திரும்புகிறவர், கடைவரை 300 மீட்டரை எதிர்த்திசையில் ஓட்டியாக வேண்டும். பைக்கில் வருபவர்கள் பலர் அப்படித்தான் செய்கிறார்கள்.

ஓரமாக, மெதுவாகத்தானே போகிறோம் என்பது அவர்கள் சொல்லும் சமாதானம். ஆபத்தே அந்த ஓரத்தில்தான் இருக்கிறது. பக்கத்துத் தெருவிலிருந்து சாலையில் ஏறும் ஆட்டோக்காரர் வலப்பக்கம் மட்டும் பார்த்துவிட்டு வண்டியை எடுப்பார், ஏனென்றால் வாகனம் வர வேண்டிய திசை அது. எதிர்த்திசை பைக் அவருக்கு இடப்பக்கத்திலிருந்து வருகிறது. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-ஆவது பிரிவு, இப்படி ஓட்டுவதையும் அபாயகரமான ஓட்டுதலில் சேர்த்திருப்பது மிகச் சரி.

முறையாகத் திரும்புவதும் எளிதல்ல. 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வாகனம் நொடிக்கு 16 மீட்டருக்கு மேல் கடக்கும். கார் திரும்பி, வேகம் பிடிக்க ஏழு நொடி என்றாலும் 110 மீட்டருக்கு மேல் சாலை காலியாக இருக்க வேண்டும். மீடியன் குறுகலாக இருந்தால் கார் ஒரே வளைவில் மூன்று தடங்களையும் ஏறக்குறைய முழுதாக எடுத்துக்கொள்ளும். அதனால் பக்கத்துத் தடம் மட்டும் காலியாக இருந்தால் போதாது. எதிரே வரும் விளக்கொளியைத் தடுக்க நட்ட அரளிச் செடி யூ-டர்ன் வாய்வரை வளர்ந்திருந்தால், சின்ன காரில் இருப்பவருக்கு அந்த 110 மீட்டரே தெரியாது.

தங்கள் கடைக்கு நேர் எதிரே மீடியனை உடைத்துத் தரச் சொல்லி வணிகர்கள் கேட்பது வழக்கம். அவர்களது வியாபாரக் கவலை நியாயமானது, கோரிக்கைதான் தவறு. நேர் எதிரே திரும்பும் பைக், வேகத்தடமான வலது தடத்தில் நுழைந்து, அடுத்த சில மீட்டருக்குள் மூன்று தடங்களையும் குறுக்கே வெட்டி கடை வாசலுக்கு வர வேண்டியிருக்கும். கடைக்கு 150, 200 மீட்டர் தள்ளி இருந்தால் தடம் மாற அவகாசம் கிடைக்கும்.

நெரிசல் என்றதும் பேரிகேடு போட்டு யூ-டர்னை மூடுவது காவல்துறையின் கைப்பழக்கம். 400 மீட்டர் சுற்றத் தயங்குகிறவர், அது ஒன்றரைக் கிலோமீட்டரானால் நிச்சயம் எதிர்த்திசையில்தான் வருவார். மூடுவதற்கு முன், மீடியன் அகலமாக உள்ள இடத்தில் அதையே உள்வாங்கி வெட்டி, திரும்பக் காத்திருக்கும் நான்கைந்து கார்களுக்குத் தனித் தடம் கொடுக்கலாம். பின்னால் வருபவர் வேகத்தடத்தில் திடீரென்று பிரேக் போட வேண்டிய நிலை அங்கே இருக்காது.