இரண்டு பத்தித் தாள் ஊக்க நேர்காணல் ஆகாது

பெங்களூரின் உளவியல், சமூகப்பணி வகுப்பறைகள் பலவற்றில் 'மோட்டிவேஷனல் இன்டர்வியூயிங்' என்ற பெயரில் கற்பிக்கப்படுவது பெரும்பாலும் இதுதான்: ஒரு தாளை நடுவில் கோடிட்டுப் பிரிப்பது, இடப்பக்கம் குடியின் நன்மைகளையும் வலப்பக்கம் தீமைகளையும் எழுதச் சொல்வது, பின்னர் வலப்பக்கத்தைச் சுட்டிக்காட்டி 'இனி நீங்களே முடிவெடுங்கள்' என்பது. தேர்வில் நான்கு திறன்களின் பெயரை எழுதினால் மதிப்பெண் கிடைத்துவிடும். இந்தப் பயிற்சி வீண் என்று மட்டும் சொல்லி நிறுத்த முடியாது. குடியைக் குறைப்பதா வேண்டாமா என்று ஊசலாடும் மனிதரை அது குடியின் பக்கமே தள்ளக்கூடும்.

இம்முறையின் பிறப்பை நினைவுகூர்ந்தால் காரணம் விளங்கும். வில்லியம் மில்லர் 1983இல் வெளியிட்ட கட்டுரை குடிநோயாளரின் 'மறுப்பு' என்ற கருத்தையே கேள்விக்குள்ளாக்கியது. மறுப்பு நோயாளரின் குணம் அன்று, பெருமளவுக்கு உரையாடலின் விளைபொருள் என்பதே அவர் வாதம். 1993இல் அவரும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வில், ஆலோசகர் எவ்வளவு மோதினாரோ அந்த அளவுக்கு ஓராண்டுக்குப் பின் வாடிக்கையாளரின் குடி அதிகமாயிருந்தது. ஊசலாடும் மனத்தில் இரு குரல்கள் உண்டு. ஆலோசகர் ஒன்றை எடுத்துக்கொண்டால் எதிரிலிருப்பவருக்கு மிஞ்சுவது மற்றொன்றே. தன் வாயால் எதைச் சொல்கிறாரோ அதன்பால் அவர் சாய்கிறார்.

இரண்டு பத்தித் தாளின் பிழை இதிலிருந்தே புலப்படும். நன்மைகளையும் தீமைகளையும் சம அளவில் பேசவைத்தால், மாற்றத்திற்கான பேச்சும் நிலைமையைக் காக்கும் பேச்சும் சம அளவில் பிறக்கும், ஊசல் நிற்காது. மில்லரும் ரோல்னிக்கும் 2009இல் 'ஊக்க நேர்காணல் அல்லாதவை' என்று பட்டியலிட்டவற்றுள் இந்தத் தராசு முறையும் ஒன்று. இன்னும் முடிவெடுக்காதவரிடம் இதைச் செய்தால் மாற்றத்திற்கான உறுதி குறையக்கூடும் என்று மில்லரும் ரோஸும் 2015இல் சான்றுகளைத் தொகுத்துக் காட்டினர். நடுநிலையே அறம் என்று இம்முறைக்காக வாதிடுவோர் உண்டு. சிறுநீரகத்தைத் தானம் செய்வதா என்று தயங்குபவரிடம் நடுநிலை அறம்தான். குடியால் வேலையை இழந்துகொண்டிருப்பவரிடம் அது கைகழுவல்.

ஒரு கற்பனை எடுத்துக்காட்டைக் கருதலாம். ஸ்ரீராமபுரத்தில் வாழும் நாற்பத்திரண்டு வயது வர்ணம் பூசும் தொழிலாளி. இரவுதோறும் ஒரு குவார்ட்டர். மனைவியின் வற்புறுத்தலால் வந்திருக்கிறார். காலையில் கைநடுக்கமோ முன்பு வலிப்போ இல்லை. ஆடிட் வினாத்தாளில் 16 மதிப்பெண். அவர் சொல்கிறார்: "டெய்லி ஒரு குவார்ட்டர்தான் மேடம். வேலை முடிஞ்சு வந்தா உடம்பு அப்படி வலிக்கும். ஆனா காலைல எழுந்திருக்க முடியல, மேஸ்திரி ரெண்டு தடவை திருப்பி அனுப்பிட்டார்."

இந்த ஒரே பேச்சில் இரு குரல்களும் இருக்கின்றன. 'குடிச்சா ஈரல் கெட்டுடும், தெரியுமா?' என்று திருத்தப் புகுந்தால், 'எங்க தாத்தா எழுபது வயசு வரைக்கும் குடிச்சார்' என்ற பதில் தயாராக இருக்கும். 'ஏன் குடிக்கிறீங்க?' என்றால் அவர் வலியைப் பற்றி விரிவாகப் பேசுவார். குடிக்கு வழக்கறிஞரை நியமித்தது போலாகும். தேர்ந்த ஆலோசகர் பேச்சின் பின்பாதியைப் பற்றுகிறார்: "மேஸ்திரி முன்னாடி அப்படி நிக்கறது உங்களுக்குக் கஷ்டமா இருந்திருக்கு." அவர் தொடர்கிறார்: "ஆமா மேடம். பதினெட்டு வருஷமா தொழில் பண்றேன். நேத்து வந்த பசங்க முன்னாடி 'போய்ட்டு நாளைக்கு வா'ன்னார்." "தொழில்ல உங்களுக்குன்னு ஒரு பேர் இருக்கு. அது போயிடக் கூடாது." சற்று மௌனம். "வேலை நாள்லயாவது நிறுத்தணும்." மாற்றத்தின் முதல் சொல் அவர் வாயிலிருந்து வந்துவிட்டது. ஆலோசகர் ஈரலைப் பற்றிப் பேசவே இல்லை.

அடுத்து அளவுகோல் வினா. குறைப்பது எவ்வளவு முக்கியம் என்று 0 முதல் 10 வரை கேட்டால் அவர் 5 என்கிறார். 'ஏன் 8 இல்லை?' என்று கேட்பவர் தடைகளின் பட்டியலைப் பெறுவார். 'ஏன் 2 இல்லாம 5 சொன்னீங்க?' என்று கேட்பவர் காரணங்களின் பட்டியலைப் பெறுவார். தகவலும் இதே ஒழுங்கில் வர வேண்டும்: முதலில் அனுமதி, பின் சுருக்கமான செய்தி, பின் 'இதப் பத்தி என்ன நினைக்கிறீங்க?' 180 மில்லி, 42.8 சதவீதச் சாராயம் என்றால் ஏறத்தாழ 60 கிராம் ஆல்கஹால், அதாவது ஆறு நிலையான அளவுகள். 'ஒரு குவார்ட்டர்தான்' என்பதிலுள்ள 'தான்' இந்தக் கணக்கில் தானே கரையும். அதை உடைக்க ஆலோசகர் குரலை உயர்த்தத் தேவையில்லை.

ஆங்கிலக் கையேடுகள் இங்கு கைகொடுக்காத இடம் ஒன்றுண்டு. எதிரொலித்தல் என்பது வினா அன்று, கூற்று. வாக்கிய இறுதியில் குரலைத் தாழ்த்துமாறு அந்நூல்கள் சொல்கின்றன. தமிழில் வேறுபாடு குரலில் மட்டுமில்லை, விகுதியிலும் இருக்கிறது. 'கஷ்டமா இருந்துச்சா?' என்பது விசாரணை. பதில் 'ஆமா' என்ற ஒற்றைச் சொல்லோடு முடியும். 'கஷ்டமா இருந்திருக்கு' என்பது துணையாய் நிற்றல். அவர் தொடர்ந்து பேசுவார். அந்த ஓர் 'ஆ'காரத்தை நீக்கக் கற்பிக்காத பயிற்சி தமிழ் பேசும் நோயாளருக்குப் பயன்படாது.

திறன்கள் இவ்வாறு இயங்கினால் இது சாமர்த்தியமான வசப்படுத்தல் ஆகாதா என்று கேட்கப்படுகிறது. உள்ளுணர்வு இல்லாமல் திறன் மட்டும் இருந்தால் ஆகும். கூட்டுறவு, ஏற்பு, பரிவு, உள்ளிருப்பதை வெளிக்கொணர்தல் ஆகியவற்றை மில்லரும் ரோல்னிக்கும் முன்வைத்தது அதற்காகவே. ஏற்பு என்பதன் கடினமான பொருள் இது: அந்தத் தொழிலாளி 'இப்போதைக்கு வேண்டாம்' என்று எழுந்து போனால், அந்த உரிமை அவருடையது. கோயிலில் சத்தியம் வாங்கும் மனைவியின் துயரம் மெய்யானது. ஆனால் ஆலோசகர் அந்தச் சத்தியத்தின் இரண்டாம் சாட்சியாக மாறிவிடக் கூடாது. தமிழில் வழங்கும் 'ஊக்கமூட்டும்' என்ற அடைமொழியே தவறான படத்தைத் தருகிறது. ஊக்கம் வெளியிலிருந்து ஊட்டப்படுவதில்லை. உள்ளே இருப்பது வெளிவர இடம் தரப்படுகிறது.

இது படித்த சிலருக்கே கைவரும் நுட்பம் என்பதும் ஏற்கத்தக்கதன்று. கோவாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களில், தொழில்முறைப் பின்னணி இல்லாத ஆலோசகர்கள் இம்முறையைத் தழுவிய நான்கு அமர்வுகள் வரையிலான சிகிச்சையை ஆண்களுக்கு அளித்தனர். 2017இல் லான்செட்டில் வெளியான முடிவின்படி, மூன்று மாதங்களில் குடிச்சிக்கலிலிருந்து மீண்டோர் 36 சதவீதம். வழக்கமான கவனிப்பில் 26 சதவீதம். அதே ஆய்வு எல்லையையும் காட்டியது: தொடர்ந்து குடித்தோரின் சராசரி அளவில் வேறுபாடு இல்லை. அதில் சேர்க்கப்பட்டோர் ஆடிட்டில் 12 முதல் 19 வரை பெற்றவர்கள். கடும் சார்புநிலையினர் அல்லர். காலையில் நடுங்கும் கை, முன்பு வந்த வலிப்பு, திடீரென நிறுத்தியபோது குழம்பிய நினைவு ஆகியவை உள்ளவரிடம் நேர்காணல் மட்டும் நடத்துவது ஆபத்து. அவருக்கு முதலில் மருத்துவரும் மருந்தும் வேண்டும். நிமான்ஸ் போன்ற நிறுவனம் அதே நகரில் இருக்கையில் தாமதத்திற்குச் சாக்கு இல்லை.

ஆகவே கோரிக்கை எளியது. நான்கு திறன்களின் பெயரைக் கேட்கும் வினா தேர்விலிருந்து நீங்கட்டும். மாணவர் ஒவ்வொருவரும் இருபது நிமிட உரையாடலை ஒப்புதலுடன் பதிவு செய்து ஒப்படைக்கட்டும். அதில் வினாக்களும் எதிரொலிப்புகளும் எண்ணப்படட்டும். இம்முறையின் மதிப்பீட்டுக் கருவி ஒரு வினாவுக்கு இரண்டு எதிரொலிப்புகளை நல்ல அளவாகக் கொள்கிறது. மாற்றத்தைப் பற்றி அதிகம் பேசியவர் யார் என்பதும் எண்ணப்படட்டும். அது மாணவராக இருந்தால், அந்த அமர்வு நடந்தது மாணவருக்காகவே.