142-ஆம் பக்கத்தில் ஒரு பஸ் டிக்கெட்

தலைமாட்டில் ஒரு புத்தகம். ‘பொன்னியின் செல்வன்’ இரண்டாம் பாகம். 142-ஆம் பக்கத்தில் அடையாளத்துக்குச் செருகிய பஸ் டிக்கெட்டில் எழுத்தே மங்கிவிட்டது. அது அங்கே போய் இரண்டு வருடம் ஆகிறது.

புத்தகத்துக்குச் சொந்தக்காரர் 46 வயதுப் பெண்மணி. பள்ளி அலுவலகத்தில் வேலை. கல்லூரி நாட்களில் ராத்திரியெல்லாம் விழித்திருந்து நாவல் படித்து, அம்மாவிடம் திட்டு வாங்கியவர். இப்போது பாத்திரம் கழுவி, மறுநாளுக்குக் காய் நறுக்கி வைத்துவிட்டுப் படுக்கைக்கு வர மணி பத்தாகிவிடுகிறது. புத்தகத்தை எடுத்தால் இரண்டு பக்கம் தாண்டுவதில்லை. கண் சொருகுகிறது. ஆனால், போனை எடுத்தால் மட்டும் பதினொன்றரை வரை தூக்கம் வருவதில்லை! ‘படிக்கிற பொறுமையே போயிடுச்சு’ என்று தனக்குத்தானே தீர்ப்பு எழுதிக்கொண்டார்.

அந்தத் தீர்ப்பை அசைத்தது, கல்லூரியில் படிக்கும் மகளின் ஒரு கேள்வி.

“ஏம்மா, புத்தகத்தை இவ்ளோ தூரத்துல வச்சுப் படிக்கிற?”

போய்க் கண் மருத்துவரைப் பார்த்தார். வெள்ளெழுத்து! நாற்பது வயதைத் தாண்டினால் கண்ணின் லென்ஸ் நெகிழ்வுத்தன்மையை இழக்கிறது. பக்கத்தில் இருக்கும் சின்ன எழுத்தைக் கூர்ந்து பார்க்கக் கண் சிரமப்படுகிறது. போனில் இது தெரியாது. எழுத்தை இரண்டு விரலால் பெரிதாக்கிக்கொள்ளலாம். வெளிச்சமும் திரையே தந்துவிடும். மங்கலான விளக்கில், பொடி எழுத்தில் அச்சான புத்தகத்துக்கு அந்த வசதி இல்லை. ஆகவே புத்தகம் எடுத்தாலே அலுப்பு, போன் எடுத்தால் சுகம் என்று ஆகிவிடுகிறது. கையை நீட்டி வைத்தால்தான் எழுத்து தெரிகிறது, மாலையில் படித்தால் நெற்றி வலிக்கிறது, பகலில் படிக்க முடிந்தது இரவில் முடியவில்லை என்றால் சந்தேகப்பட வேண்டியது பொறுமையை அல்ல, கண்ணை. கடையில் கிடைக்கும் கண்ணாடியை வாங்கிப் போட்டுக்கொள்வதைவிட, ஒருமுறை பரிசோதித்துக்கொள்வது நல்லது. கண் அழுத்தம்போன்ற, வெளியே தெரியாத கோளாறுகளும் அப்போது தெரியவரும்.

கண்ணாடி வந்தது. ஆனாலும் பாதிப் பிரச்னைதான் தீர்ந்தது. அரைப் பக்கம் போவதற்குள் கை தானாகப் போனைத் தேடியது. கண்ணில் ஒரு குறையும் இல்லாத மகளுக்கும் இதே கதைதான். போனில் மேலோட்டமாக மேய்ந்து பழகிய கண், பக்கத்தின் கடைசி வரிக்கு வந்துவிடும். என்ன படித்தோம் என்று கேட்டால் ஒன்றும் நினைவிருக்காது.

இருவரும் இரவுப் படிப்பையே விட்டுவிட்டார்கள். களைத்த மூளையிடம் கதையின் முன்கதையை ஞாபகம் வைக்கச் சொன்னால் நடக்குமா? அதற்குப் பதிலாகக் காலையில், இட்லி வேகும் பத்து நிமிடம். போன்கள் இரண்டும் ஹாலில். ‘அலாரம் வைக்கணுமே’ என்ற சாக்குக்கும் இடமில்லாமல், படுக்கையறைக்கு ஒரு சின்ன அலாரம் கடிகாரம் வந்தது. முதல் மூன்று வாரம் நாவலைத் தொடவில்லை. சிறுகதைகள் மட்டும். ஒரு கதை இரண்டு நாளில் முடிந்துவிடும். யாரையும் நினைவில் சுமக்க வேண்டாம். மனம் ஓடுகிறது என்று தெரிந்தால், அந்தப் பத்தியை வாய்விட்டுப் படித்தார்கள். வாய் படிக்கும்போது கண்ணால் வரிகளைத் தாண்ட முடியாதே!

முதல் வாரம் எரிச்சலாகத்தான் இருந்தது. எட்டாம் நாள் குக்கர் விசில் அடித்தும் மகள் தலைநிமிரவில்லை. அம்மா எழுந்துபோய் அடுப்பை அணைத்தார், ஒன்றும் சொல்லவில்லை.

புத்தகம் மட்டுமல்ல, சமையல், பாட்டு, பேச்சு என எதிலுமே நாட்டமில்லாமல் வாரக்கணக்கில் சோர்வு நீடித்தால் இந்த வழிகள் போதாது. அப்போது மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும்.

நாலாவது வாரம் அவர் மீண்டும் ‘பொன்னியின் செல்வ’னை எடுத்தார். 142-ஆம் பக்கத்திலிருந்து அல்ல. முதல் பாகம், முதல் அத்தியாயம். ஒரு நாளைக்கு ஓர் அத்தியாயம் என்று கணக்கு. ‘இப்படிப் போனால் எப்பம்மா முடிப்பே?’ என்று மகள் கேலி செய்தாள். 1950-ல் தொடங்கி ‘கல்கி’ இதழில் வாராவாரம் வந்த கதை அது. அன்றைக்கு அதைப் படித்தவர்கள் முடிவு தெரிந்துகொள்ள 1954 வரை காத்திருந்தார்கள். அவர்களோடு பார்த்தால் இவர் நாலு மடங்குக்கும் மேல் வேகம்!

பழைய பஸ் டிக்கெட் இப்போது முதல் பாகத்தில் இருக்கிறது. தினமும் சில பக்கங்கள் நகர்கிறது.