ரெண்டு நம்பரை வெச்சு ஒரு நாளை அளக்காதீங்க

"இந்த மாசச் சராசரி வெப்பநிலை வழக்கமானதுதானே இருக்கு? அப்புறம் எப்படிங்க வெயில்ல செடி கருகும்?"

2024 கோடையில், தோட்டம் பார்க்க வந்த ஒரு அதிகாரி என்னிடம் கேட்ட கேள்வி இது. இடுக்கிப் பக்கமும் எங்க போடி மலைப் பக்கமும் ஏலச்செடி காய்ந்து கிடந்த வருஷம் அது. அவர் கையில் ஒரு தாள், அதில் ஒவ்வொரு நாளுக்கும் ஒரே ஒரு நம்பர். என் கையில் சுருண்டு பழுப்பாப் போன இலை. அவர் தாளைத்தான் நம்பினார்.

அந்த நம்பர் எப்படி வந்ததுன்னு கேட்டேன். நாளின் உச்ச வெப்பத்தையும் குறைந்த வெப்பத்தையும் கூட்டி, ரெண்டால் வகுத்ததாம். உலகம் பூரா அப்படித்தான் பண்றாங்கன்னும் சொன்னார். பொய்யில்லை, ரொம்ப காலமா அப்படித்தான் பண்றாங்க. ஆனா சரியான்னு கேட்டா, எங்க மலையில் பல நாள் சரியில்லை.

பட்டணத்தில் இருக்கிறவங்களுக்குப் புரிய எங்க ஏலக்கூடத்தையே சொல்றேன். போடியில் ஏலக்காய் ஏலம் முடிஞ்சதும் ரெண்டு விலை வெளியாகும், ஒன்று அதிகபட்ச விலை, இன்னொன்று சராசரி விலை. 2019 ஆகஸ்டில் ஒரு கிலோ அதிகபட்சமா 7,000 ரூபாயைத் தொட்டது. டீக்கடை முழுக்க அதே பேச்சு. ஆனா அந்த விலைக்குப் போனது ஏதோ ஒரு நல்ல லாட்டு. சராசரி விலை அதுக்கு எவ்வளவோ கீழே இருந்தது. ஏன்னா அந்தச் சராசரி, விற்ற காய் மொத்தத்துக்கும் கிடைத்த பணத்தை மொத்தக் கிலோவால் வகுத்தது. அதை விட்டுட்டு, ஒசந்த லாட்டு விலையையும் மட்டமான லாட்டு விலையையும் கூட்டி ரெண்டால் வகுத்து "இதாங்க இன்றைய சராசரி"ன்னு போர்டில் எழுதினா, வியாபாரியும் விவசாயியும் சேர்ந்து ரகளை பண்ணிடுவோம். காய்க்குச் செல்லாத கணக்கு வெயிலுக்கு மட்டும் எப்படிச் செல்லுது?

நான் பத்தாவதோடு நின்னவன். கூட்டல், வகுத்தல் தெரியும். அதனால் மணிக்கொருதரம் வெப்பநிலையைப் பதியும் ஒரு சின்னக் கருவி வாங்கி, காற்று புகுந்து போற மாதிரி வெள்ளைப் பெட்டிக்குள் வைத்து, நிழலில் நாலடி உயரத்தில் கட்டிவிட்டேன். அதிலிருந்து ரெண்டு நாளை மட்டும் இங்கே எழுதுறேன். படிக்கச் சுலபமா இருக்க மூணு மணிக்கு ஒரு அளவு வீதம் எட்டு அளவு.

முதல் நாள் பிப்ரவரியில், மேகமே இல்லாத நாள். ராத்திரி 2.30க்கு 14.5 டிகிரி, விடியக்காலை 5.30க்கு 13.5, காலை 8.30க்கு 18, 11.30க்கு 27, மத்தியானம் 2.30க்கு 27.5, சாயங்காலம் 5.30க்கு 20.5, ராத்திரி 8.30க்கு 17, 11.30க்கு 15.5. நடுவில் ஒரு மணி வாக்கில் 29 தொட்டது, விடியும் முன்னே 13க்கு இறங்கியது. அதிகாரி கணக்குப்படி 29ஐயும் 13ஐயும் கூட்டி ரெண்டால் வகுத்தா 21. எட்டு அளவையும் கூட்டி எட்டால் வகுத்தா 19.2.

கிட்டத்தட்ட ரெண்டு டிகிரி வித்தியாசம். கருவி கோளாறு இல்லை, மலை நிற்கிற திசைதான் காரணம். எங்க சரிவு கிழக்குப் பார்த்தது. போடிச் சமவெளியிலிருந்து சூரியன் ஏறியதும் நேரா எங்க மேலே அடிக்கும். நாலு மணிக்கெல்லாம் மேற்கே இருக்கிற முகட்டின் நிழல் தோட்டத்தில் விழுந்திடும். அதனால் சூடு சட்டுன்னு ஏறும், சட்டுன்னு இறங்கும், மிச்ச நேரம் பூரா குளிர்தான். உச்சி வெயில் மூணு நாலு மணி நேரம், குளிர் பதினாறு மணி நேரம். ஆனா ரெண்டு நம்பர் கணக்கில் ரெண்டுக்கும் சரிபாதிப் பங்கு.

ரெண்டாவது நாள் ஜூலையில், மஞ்சு மூடி, சாரல் விட்டு விட்டு அடிச்ச நாள். ராத்திரி 2.30லிருந்து அதே வரிசையில் 19, 18.5, 19.5, 21, 21.5, 20.5, 19.5, 19. உச்சம் 22, குறைந்தது 18. ரெண்டு நம்பர் சராசரி 20, எட்டு அளவுச் சராசரி 19.8. ஏற்ற இறக்கம் இல்லாத நாளில் ரெண்டு கணக்கும் ஒட்டித்தான் போகுது.

இப்ப ரெண்டு நாளையும் பக்கத்தில் வைங்க. அதிகாரி கணக்கில் பிப்ரவரி நாள் ஒரு டிகிரி சூடு. நாள் முழுக்க அளந்த கணக்கில் ஜூலை நாள்தான் கொஞ்சம் சூடு. எது சூடான நாள் என்பதே தலைகீழா மாறிப் போச்சு.

"அப்ப உன் கணக்குப்படி பிப்ரவரி குளிர்ச்சி, செடிக்கு நல்லதுதானே"ன்னு யாராவது கேட்பீங்க. அங்கேதான் அடுத்த வில்லங்கம். எட்டு அளவுச் சராசரியும் செடி பட்ட பாட்டைச் சொல்லாது. 29 டிகிரிக் காற்று பிடிச்சு வைக்கக்கூடிய நீராவி, 13 டிகிரிக் காற்று பிடிக்கிறதைப் போல ரெண்டரை மடங்குக்கும் மேலே. அதனால் ஈரமில்லாத பிப்ரவரி மத்தியானக் காற்று இலையிலிருந்து தண்ணியை உறிஞ்சி எடுக்கும். விடியக்காலைக் குளிர் அதைத் திருப்பித் தராது. மத்தியானம் நஷ்டம், ராத்திரி லாபம்னு செடி வரவு செலவு எழுதாதுங்க. ஜூலை நாளில் மஞ்சுக்குள்ளே அதே ஏலம் சரம் விட்டு நிம்மதியா நிற்கும். எந்தக் கணக்கில் போட்டாலும் ரெண்டு நாளுக்கும் சராசரி இருபதை ஒட்டித்தான். 28 டிகிரிக்கு மேலே எத்தனை மணி நேரம் நின்னதுன்னு எண்ணினா மட்டும்தான் வித்தியாசம் தெரியும். நிழல் மரத்தை ஒட்டக் கவாத்து பண்ணின இடத்தில் அந்த நேரம் இன்னும் நீளும். என் தோட்டத்திலேயே ஒரு மூலையில் நானே அதிகமா வெட்டித் தொலைச்சேன். முதலில் கருகியது அந்த மூலைதான்.

அந்தப் பழைய முறையை முட்டாள்தனம்னு சொல்ல மாட்டேன். உச்சத்தையும் தாழ்வையும் குறிச்சு வைக்கும் வெப்பமானியை 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஜேம்ஸ் சிக்ஸ் என்பவர் செய்தார். அப்ப ராத்திரி பூரா மணிக்கொருதரம் எழுந்து போய் யார் படிப்பா? ஒரு ஆள் தினமும் வந்து ரெண்டு நம்பரை எழுதிட்டுப் போனா வேலை முடிஞ்சது. அதே இடத்தில், அதே முறையில் அறுபது வருஷம் எழுதியிருந்தா, அந்த ஏட்டை வைத்து வருஷத்துக்கு வருஷம் ஒப்பிடலாம். பிழை இருக்கும், ஆனா எல்லா வருஷமும் ஒரே பக்கம் ஏறக்குறைய அதே அளவு சாயும்.

இப்ப தானியங்கி நிலையம் வந்தாச்சு, அது மணிக்கு மணி பதியுது. பழைய ஏடு ரெண்டு நம்பர் சராசரி, புது ஏடு இருபத்துநாலு மணிச் சராசரி. யாராவது யோசிக்காம ரெண்டையும் ஒட்டிக் கோடு போட்டா, என் பிப்ரவரி மாதிரி நாட்களில் ஒரே ராத்திரியில் ரெண்டு டிகிரி இறங்கின மாதிரி தெரியும். "மலை குளிர்ந்து போச்சு, விவசாயி சும்மா அழறான்"னு அடுத்த தாள் வரும். இன்னொரு பக்கம், நிழலும் மேகமும் குறைஞ்சா ஒரு நாளின் வடிவமே மாறும். அப்ப ஒரே முறையில் எழுதின பழைய ஏடும் முன்னே மாதிரி அதே அளவு சாயாது.

மணிக்கு மணி அளவு கருவியில் கிடக்கும்போது, எங்க நஷ்டத்தை மட்டும் ஏன் ரெண்டு நம்பரில் அளக்கணும்? நான் கேட்பது பெரிசா ஒன்றுமில்லை. சராசரிக்குப் பக்கத்தில் உச்சம், தாழ்வு, 28க்கு மேலே நின்ன மணி நேரம், இந்த மூணையும் எழுதுங்க.

அந்த அதிகாரிகிட்டே போய் நோட்டைக் காட்டினேன். பொறுமையாப் பார்த்தார், கூட்டியும் பார்த்தார். "கணக்கு சரிதாண்ணே"ன்னார். அப்புறம் படிவத்தை என் பக்கம் திருப்பிக் காட்டினார். வெப்பநிலைன்னு போட்டு, ஒரே ஒரு கட்டம்தான் இருந்தது.