பில்லில் உள்ள பத்து விழுக்காடு யாருடையது?



பாலிக் புலாவிலிருந்து மலைப்பாதையில் தெலுக் பஹாங் இறங்கி, பத்து ஃபெரிங்கி ஹோட்டல்களுக்கு வேலைக்குப் போகும் நம் பிள்ளைகளுக்காக இந்த மாதம் எழுதுகிறேன். ஜார்ஜ்டவுன் உணவகங்களில் மேசை துடைக்கிறவர்களுக்கும் இது பொருந்தும்.

குடும்பத்தோடு சாப்பிட்டு முடித்ததும் வரும் பில்லில் 'சேவைக் கட்டணம் 10%' என்று எழுதியிருக்கும். அதற்குக் கீழே 6% சேவை வரி இருந்தால், அது அரசாங்கத்துக்குப் போகிறது. மேலே உள்ள பத்து விழுக்காடு? பரிமாறிய பிள்ளைக்குத்தான் போகும் என்று நம்பித்தானே கொடுக்கிறோம்?

2013-இல் குறைந்தபட்சச் சம்பளம் 900 வெள்ளி என்று நடைமுறைக்கு வந்தபோது, சில ஹோட்டல்கள் ஒரு வழி கண்டுபிடித்தன. அடிப்படைச் சம்பளத்தை உயர்த்தாமல், தொழிலாளிக்கு ஏற்கெனவே சேர வேண்டிய சேவைக் கட்டணத்தை எடுத்து, சம்பளத்தில் விழுந்த பள்ளத்தை அடைக்கப் பார்த்தன. பெட்டாலிங் ஜெயா கிரிஸ்டல் கிரவுன் ஹோட்டலுக்கும் ஹோட்டல் தொழிலாளர்களின் தேசியச் சங்கத்துக்கும் இடையிலான வழக்கு கூட்டரசு நீதிமன்றம் வரை போனது. 2021-இல் தீர்ப்பு வந்தது: சேவைக் கட்டணம் முதலாளியின் பணமல்ல, தொழிலாளர்களுக்காக அவர் கையில் வைத்திருக்கும் பணம். அதைக் கொண்டு குறைந்தபட்சச் சம்பளத்தை நிரப்பக் கூடாது.

இது சம்பளச் சீட்டில் எப்படித் தெரியும்? இன்றைய குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. 'அடிப்படை 1,200, சேவைக் கட்டணம் 500, மொத்தம் 1,700' என்று சீட்டு வந்தால் அது தவறு. 'அடிப்படை 1,700, சேவைக் கட்டணம் 500, மொத்தம் 2,200' என்றுதான் இருக்க வேண்டும்.

இழப்பு அந்த 500 வெள்ளியோடு நிற்பதில்லை. ஈபிஎஃப் சட்டம் சேவைக் கட்டணத்தைச் சம்பளமாக எடுத்துக்கொள்வதில்லை. அடிப்படை 1,200 என்றால் முதலாளி போடுகிற 13% பங்கு 156 வெள்ளி. 1,700 என்றால் 221. மாதம் 65 வெள்ளி நம் பிள்ளையின் கணக்குக்கு வராமலே போகிறது. பத்து வருடம் வேலை செய்தால் என்ன ஆகும், நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். ஓவர்டைம் கூலியையும் அந்தக் குறைந்த அடிப்படையில் கணக்கிட்டால் அதிலும் இழப்புதான். ஆனால் சொக்சோவுக்குச் சேவைக் கட்டணத்தையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். வருமான வரிக்கும் அது வருமானம்தான். ஆகவே சீட்டில் அதைத் தனியாகக் காட்டுவது அவசியம்.

சரி, பங்கு பிரிப்பது எப்படி? ஹோட்டல்களில் பழகிய முறை 'பாயிண்ட்' முறை. ஒரு சிறு உணவகத்தில் ஒரு மாதத்துக்குச் சேவைக் கட்டணம் 6,000 வெள்ளி சேர்ந்தது என்று வையுங்கள். கேப்டனுக்கும் தலைமைச் சமையல்காரருக்கும் தலா எட்டு பாயிண்ட், இரண்டு சமையல்காரர்களுக்கும் காசாளருக்கும் தலா ஆறு, பரிமாறும் நால்வருக்குத் தலா ஐந்து, பாத்திரம் கழுவும் இருவருக்குத் தலா மூன்று. மொத்தம் அறுபது பாயிண்ட், ஒரு பாயிண்டுக்கு 100 வெள்ளி. பரிமாறுகிறவருக்கு 500 கிடைக்கும். பாத்திரம் கழுவுகிறவருக்கு 300. (அவருக்கும் பங்கு உண்டு என்பதைச் சில கடைகள் மறந்துவிடுகின்றன. தட்டு சுத்தமாக வராமல் யார் பரிமாற முடியும்?)

பரிமாறும் ஒருவர் பாதி மாதம் சம்பளமில்லா விடுப்பில் போனால் அவருக்கு இரண்டரை பாயிண்ட். மொத்தம் 57.5 ஆகிறது, ஒரு பாயிண்டின் மதிப்பு ஏறக்குறைய 104 வெள்ளி 35 காசாக உயர்கிறது. விடுப்பில் போனவரின் மிச்சப் பங்கு அவர் வேலையையும் இழுத்துச் செய்தவர்களுக்குப் போகிறது, கல்லாவுக்கு அல்ல. மாதம் எவ்வளவு சேர்ந்தது, மொத்தம் எத்தனை பாயிண்ட், ஒரு பாயிண்ட் எவ்வளவு என்ற மூன்று எண்களையும் ஊழியர்கள் பார்க்கும் இடத்தில் ஒட்டிவிட்டால் பாதிச் சண்டை வராது. கடைக் கணக்கிலும் அந்த 6,000-ஐ விற்பனையோடு கலக்காமல், கொடுக்க வேண்டிய பாக்கி என்று தனியாக எழுத வேண்டும். கலந்துவிட்டால், வியாபாரம் மந்தமான மாதத்தில் அது வாடகைக்குப் போய்விடும்.

டிப்ஸ் வேறு. அது நாம் விரும்பிக் கொடுப்பது. உண்டியலில் விழும் காசை இரவு கடை மூடும்போது இருவர் சேர்ந்து எண்ணி, நோட்டில் எழுதிக் கையெழுத்திட்டால் போதும். இப்போது சிக்கல் கியூஆரில் வருகிறது. பில்லுக்கு மேல் ஐந்து வெள்ளி சேர்த்து அனுப்புகிறோம், அது நேரே கடையின் வங்கிக் கணக்கில் விழுகிறது. அன்றைக்கே யாரும் குறித்துவைக்காவிட்டால், மாதக் கடைசியில் அதைப் பிரித்தெடுக்க முடியாது. முடிந்தால் டிப்ஸை நோட்டாகவே கொடுங்கள்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கிரிஸ்டல் கிரவுன் வழக்கில் சங்கத்தோடு கூட்டு ஒப்பந்தம் இருந்தது. சங்கமில்லாத சிறு கடையில் சேரும் பிள்ளைக்கு வேலை ஒப்பந்தக் கடிதம்தான் ஆதாரம். 'அடிப்படைச் சம்பளம்' என்ற இடத்தில் என்ன எண் இருக்கிறது, சேவைக் கட்டணத்தில் பங்கு எப்படி என்று எழுதியிருக்கிறதா என்று கையெழுத்துப் போடுமுன் நீங்களும் சேர்ந்து படியுங்கள். அடிப்படை 1,700-க்குக் கீழே இருந்தால் சம்பளச் சீட்டுகளை எடுத்துக்கொண்டு தொழிலாளர் இலாகாவுக்குப் போகலாம். ஒரு மாதச் சீட்டைக்கூடத் தூக்கிப் போடாதீர்கள்.

அன்புடன்,
ஆசிரியர்