கேட்பவர் யார், கொடுப்பவர் யார்?



2024ஆம் ஆண்டு நோன்புப் பெருநாளுக்கு முந்திய வாரம், எங்கள் லாத்தா தம் பிள்ளைகளுக்கு இணையக் கடை ஒன்றில் துணி எடுத்தார். மொத்தம் 2,340 ரூபாய். பணம் செலுத்தும் பக்கத்தில் தம் யு.பி.ஐ. முகவரியைத் தட்டச்சுச் செய்த சிறிது நேரத்தில், கைப்பேசி ஒலி எழுப்பியது. "தம்பி, இந்தக் கடைக்காரர் என்னிடம் பணம் கேட்கிறாரே! நான் இன்னும் கோடுகளுள்ள அந்தக் கட்டத்தைப் படம் பிடிக்கவே இல்லையே. இதை ஒப்புக்கொள்ளலாமா?" என்று என்னை அழைத்துக் கேட்டார். நியாயமான ஐயம். இம்மாதப் பக்கத்தை அதற்கே ஒதுக்குகிறேன்.

யு.பி.ஐ. முறை 2016ஆம் ஆண்டில் தொடங்கிய நாள்முதல் அதில் இரு வழிகள் உண்டு. ஒன்று, கொடுப்பவர் தாமே முன்வந்து செலுத்துவது. மற்றது, வாங்க வேண்டியவர் கேட்டு, கொடுப்பவர் இசைவது. பலசரக்குக் கடையில் ஒட்டியிருக்கும் கியூ.ஆர். கட்டத்தை நாம் படிக்கச் செய்வது முதல் வகை. அந்தக் கட்டத்திற்குள் மந்திரம் ஒன்றும் இல்லை. கடைக்காரரின் முகவரியும் பெயரும் எழுத்து வடிவில் அடங்கியிருக்கின்றன, அவ்வளவே. ஏறக்குறைய இப்படி:

```
upi://pay?pa=kadai@bank&pn=Kadai&am=120
```

இதில் கடைசியில் உள்ள தொகை பல கடைகளின் ஒட்டுத்தாளில் இராது. ஆகவே தொகையை நாம்தான் இட வேண்டும். 120க்குப் பதில் 1,200 என்று இட்டால் தவறு நம்முடையதே. நாம் பணம் செலுத்தி முடிக்கும்வரை நாம் யார் என்பது கடைக்காரருக்குத் தெரியாது. நம் முகவரியை அவரிடம் கொடுக்கவும் தேவையில்லை.

இரண்டாம் வகையில் எல்லாம் தலைகீழ். நம் முகவரியை நாம் கடைக்குக் கொடுக்கிறோம். கடை தன் வங்கியின் வழியாக, "இன்னாரிடமிருந்து இவ்வளவு தொகை வேண்டும்" என்று கோரிக்கை அனுப்புகிறது. அது தேசியக் கொடுப்பனவுக் கழகத்தின் அமைப்பைக் கடந்து நம் கைப்பேசிச் செயலிக்கு வந்து சேர்கிறது. தொகையை நிர்ணயிப்பவர் கடைக்காரர். அதை நாம் மாற்ற இயலாது. ஆனால் கோரிக்கை வந்துவிட்டதால் மட்டும் ஒரு காசும் நம் கணக்கைவிட்டு நகர்வதில்லை. அது வெறும் விலைச்சீட்டு. வீட்டு வாசலில் வைத்த சீட்டைக் கிழித்தெறியவும் நமக்கு உரிமை உண்டு.

லாத்தாவிடம் நான் சொன்னவை இவை. அறிவிப்பைத் தொட்டுத் திறப்பதைவிட, எப்போதும் பயன்படுத்தும் செயலியைத் தாமே திறந்து, நிலுவையிலுள்ள கோரிக்கைகளைப் பார்ப்பது நன்று. அங்கே கடையின் பெயர், தொகை, பெரும்பாலும் ஆர்டர் எண், எப்போதுவரை கோரிக்கை செல்லும் என்ற விவரம் ஆகியவை இருக்கும். கடைப்பக்கத்தில் காணும் 2,340 ரூபாயும் செயலியில் காணும் தொகையும் ஒன்றுதானா? பெயர் அக்கடைக்கு உரியதா? சில வேளை கடைப்பெயருக்குப் பதிலாக, அதற்காகப் பணம் வசூலித்துத் தரும் நிறுவனத்தின் பெயர் இருக்கக்கூடும்; அப்போது தொகையும் ஆர்டர் எண்ணும் துணை நிற்கும். எல்லாம் பொருந்தினால், எந்த வங்கிக் கணக்கிலிருந்து என்று தேர்ந்து, `Pay` என்பதை அழுத்த வேண்டும். பின்னர் இரகசிய எண் கேட்கும் பக்கம் வரும். அதன் மேற்பகுதியில் பெயரும் தொகையும் மறுபடி காட்டப்படும். எண்ணை இடும் முன் அங்கே ஒருமுறை கண்ணோட்டம் செலுத்துங்கள். எண்ணை இட்ட கணத்தில்தான் வங்கி பணத்தைக் கழிக்கிறது. ஐயம் எழுந்தால் `Decline` என்பதை அழுத்தலாம். அதனால் அபராதமோ வேறு நட்டமோ இல்லை.

லாத்தா இவற்றையெல்லாம் சரிபார்த்து முடிப்பதற்குள் நேரம் கடந்துவிட்டது. இணையக் கடைகளின் கோரிக்கை பெரும்பாலும் சில நிமிடங்களே உயிரோடு இருக்கும். பதறவேண்டியதில்லை, காலாவதியான கோரிக்கையால் பணம் போகாது. கடைப்பக்கத்தில் மீண்டும் தொடங்கி, புதிய கோரிக்கை பெற்று அவர் செலுத்தினார். கவனிக்கவேண்டியது வேறொன்று. கோரிக்கை இன்னும் நிலுவையில் இருக்கும்போதே, பொறுமையிழந்து வேறு வழியில் பணம் கட்டிவிட்டு, பிறகு அக்கோரிக்கைக்கும் இசைந்தால் இருமுறை பணம் போய்விடும். மாற்று வழியில் கட்டினால் முதலில் பழைய கோரிக்கையை நிராகரித்துவிடுங்கள்.

இனி, கணக்கில் பணம் கழிந்தும் கடை "வரவில்லை" என்றால்? உடனே மறுபடி செலுத்த வேண்டாம். செயலியில் அந்தப் பரிமாற்றத்தின் 12 இலக்க எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ரிசர்வ் வங்கி 2019ஆம் ஆண்டு வகுத்த விதிப்படி, வணிகருக்கு உறுதி போய்ச்சேராத யு.பி.ஐ. தொகை, நடந்த நாளையடுத்த 5 நாட்களுக்குள் தானாகவே திரும்ப வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் வீதம் இழப்பீடு உண்டு. அந்த எண்ணைக் கொண்டு உங்கள் வங்கியில் முறையிடலாம்.

இப்போது இதன் இருண்ட பக்கத்திற்கு வருவோம். எங்கள் தெருவில் ஒரு பெண்மணி தம் பழைய தையல் இயந்திரத்தை விற்க விளம்பரம் செய்திருந்தார். வாங்குவதாகப் பேசியவன், "முன்பணம் 1,800 ரூபாய் அனுப்புகிறேன். உங்கள் செயலியில் வரும், ஏற்றுக்கொள்ளுங்கள்" என்றான். வந்ததோ கோரிக்கை. நம் மொழியில் "ஏற்றுக்கொள்" என்றால் பெற்றுக்கொள் என்ற பொருளும் உண்டல்லவா? அச்சொல்லில்தான் அவர் ஏமாந்தார். இரகசிய எண்ணை இட்டார். 1,800 ரூபாய் வரவில்லை, போனது. பணம் பெறுவதற்கு எவருக்கும் இரகசிய எண் தேவையில்லை. பொருளைத் திருப்பிக் கொடுத்ததற்கான தொகையும் நாம் இசைவு தராமலே கணக்கில் வந்து விழும். பணப் பரிமாற்றத்தின்போது எண்ணைக் கேட்கும் பக்கம் திறந்தாலே, நாம் கொடுப்பவர் என்று பொருள்.

இத்தகைய ஏமாற்றுகள் மிகுந்ததால், தனிநபர் ஒருவர் மற்றொரு தனிநபரிடம் இவ்வாறு கோரும் வசதியைத் தேசியக் கொடுப்பனவுக் கழகம் 2025 அக்டோபரில் நிறுத்திவிட்டது. அது சரியான முடிவே என்பது என் எண்ணம். இணைய வணிகர்களிடையேயும் முகவரியைத் தட்டச்சுச் செய்யும் வழி சுருங்கிவருகிறது. அதற்குப் பதிலாகக் கடைப்பக்கமே நம் செயலியை நேரே திறக்கிறது. கணினியில் என்றால் தொகையுடன் கூடிய கட்டத்தைக் காட்டுகிறது. புதிய பங்கு வெளியீட்டுக்கு விண்ணப்பிப்போருக்கு வரும் கோரிக்கையோ சற்று வேறானது. அங்கே இரகசிய எண்ணை இட்டால் பணம் உடனே போகாது. பங்கு ஒதுக்கீடு முடியும்வரை நம் கணக்கிலேயே முடக்கி வைக்கப்படும்.

லாத்தாவின் துணிகள் பெருநாளுக்கு இரண்டு நாள் முன்பு வந்து சேர்ந்தன. ஒரு சட்டை அளவு பொருந்தாமல் திரும்பிப் போயிற்று. அதற்கான 610 ரூபாய் அவர் எதையும் அழுத்தாமலே ஒருநாள் காலையில் கணக்கில் வந்திருந்தது. வங்கியின் குறுஞ்செய்தியைப் பார்த்த பிறகே அவருக்கு அது தெரியவந்தது.