கம்பி போச்சு... நிழல் இருக்கே!

புதுச்சேரி ரொமேன் ரோலண்ட் வீதி. காலை வெயில் விழும் மஞ்சள் சுவர், வெள்ளை விளிம்பு, மேலே பளிச்சென்ற நீல வானம். போனில் க்ளிக் செய்து பார்த்தால், வானத்தின் குறுக்கே இரண்டு மின்கம்பிகள்! ஒன்று வெறும் வானத்தில் போகிறது. இன்னொன்று மொட்டைமாடி விளிம்பைத் தொட்டுக்கொண்டு போகிறது.

முதல் கம்பி சுலபம். ஸ்னாப்சீட் செயலியில் Tools போய் Healing-ஐத் தொட வேண்டும். இதில் பிரஷ் அளவை மாற்ற தனி பட்டன் இல்லை. படத்தைப் பெரிதாக்கினால் பிரஷ் சிறிதாகிவிடும், அவ்வளவுதான். கம்பியைவிடச் சற்று அகலமாகப் படும்வரை பெரிதாக்கி, துண்டு துண்டாகத் தேய்க்கலாம். ஒரே இழுப்பில் முழுக் கம்பியையும் அழிக்க ஆசைப்பட்டால் திட்டுத் திட்டாகிவிடும்.

இரண்டாவது கம்பியில்தான் சிக்கல். ஹீலிங் என்பது பக்கத்தில் இருப்பதை எடுத்து, சுற்றியுள்ள நிறத்தோடு கலந்து நிரப்புகிற வேலை. விளிம்புக்கு அருகே போனால் சுவரின் நிறத்தையும் சேர்த்துக் கலந்துவிடும். நீலத்தில் மஞ்சள் கசிந்து, நேர்க்கோடான விளிம்பு கரைந்த மாதிரி தெரியும். இந்த இடத்துக்கு க்ளோன் தான் சரி. அது எதையும் கலக்காது. காட்டிய இடத்தை அப்படியே நகலெடுக்கும். போனில் லைட்ரூம் செயலியில் Clone இருக்கிறது. பிரஷ்ஷைச் சிறிதாக்கி, அதன் ஓரம் மங்காமல் இருக்க Feather-ஐக் குறைத்துக்கொள்ள வேண்டும். கம்பி இல்லாத வேறொரு விளிம்புத் துண்டைத் தேர்ந்து, கோடு கோட்டோடு பொருந்தும்படி வைத்தால் போதும்.

வானத்துக்கு க்ளோன் செய்யும்போது நகலை மேலேயிருந்து எடுக்கக் கூடாது. வானம் உச்சியில் அடர்நீலம், கீழே வர வர வெளுப்பு. மேலே உள்ளதைக் கீழே வைத்தால் கம்பி போன இடத்தில் கருநீலப் பட்டை விழும். அதே உயரத்தில், இடமோ வலமோ பார்த்து எடுக்க வேண்டும். பட்டை இருக்கிறதா என்று சந்தேகமா? கான்ட்ராஸ்ட்டைத் தற்காலிகமாக ஏற்றிப் பாருங்கள், காட்டிக்கொடுத்துவிடும்.

பலர் கோட்டை விடுவது சுவரில். கம்பி மறைந்தாலும் அதன் நிழல் மஞ்சள் சுவரில் மெல்லிய கோடாக அப்படியே இருக்கும். ஜன்னல் கண்ணாடியில் பிரதிபலிப்பும் இருக்கலாம். சுவரில் கம்பி கட்டிய பீங்கான் குமிழ் எதையும் பிடிக்காமல் தனியாக நிற்கும். போகன்வில்லா கொத்துக்குள் நுழையும் கம்பியை மட்டும் விட்டுவிடுவது நல்லது. இலைகளைக் கையால் நிரப்பினால் ஒரே இலை நான்கு முறை முளைக்கும்.

ஆல்பத்துக்கும் ஸ்டேட்டஸுக்கும் இதெல்லாம் ஓகே. செய்திப் படத்தில் கை வைக்கக் கூடாது. 2010-ல் வேர்ல்ட் பிரஸ் போட்டோ போட்டியில் பரிசு பெற்ற ஸ்டெபான் ருடிக், பின்னணியில் தெரிந்த ஒரு பாதத்தின் சிறு பகுதியை அழித்திருந்தார். அதற்காகவே பரிசு பறிபோனது. வீதியில் கம்பிகள் தாழத் தொங்குகின்றன என்று புகார் கொடுக்க எடுத்த படமென்றால், அழிக்க வேண்டியது அந்தக் கம்பியை அல்ல!